மூடியில் எழுதிய தேதி

அவருக்கு அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அடையாள அட்டையைத் தாண்டி அது எங்கேயும் வெளியே வந்ததில்லை. ஏழெட்டுத் தெருவுக்கு அவர் தேதிக்காரர். "தேதிக்காரரைக் கூப்பிடு, குழாய்ல பாசி வாசம் அடிக்குது" என்றால் போதும், யார், எதற்கு என்று மறுபேச்சே கிடையாது.

வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகளைக் கழுவுவது அவர் தொழில். மொட்டை மாடியில் இருக்கும் மேல்தொட்டியும், தரைக்கு அடியில் இருக்கும் சம்ப்பும். வேலை முடிந்ததும் சட்டைப் பையிலிருந்து சின்னத் தூரிகையை எடுத்து, மூடியின் உள்பக்கம் சிவப்பு பெயிண்டில் அன்றைய தேதியை எழுதிவிட்டுத்தான் மூடுவார். அதனால் வந்த பெயர். தொடங்கியதற்குக் காரணமும் உண்டு. ஆரம்ப காலத்தில் ஒரு வீட்டில் தொட்டியைத் திறந்தால் கெட்ட வாடை. "கடைசியா எப்போ கழுவினீங்க?" என்று கேட்டார். "இப்பத்தானே" என்றார் புருஷன். "பெரியவன் பொறக்கறதுக்கு முன்னாடி" என்றாள் பெண்டாட்டி. பெரியவன் மீசையோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அன்றைக்கே பெயிண்ட் டப்பா வாங்கினார்.

"தினமும் பல்லு தேய்க்கிறீங்க, தினமும் வீடு பெருக்குறீங்க. தொட்டிக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கூடவா கூடாது?" என்பது அவருடைய வாடிக்கைக் கேள்வி. வண்டல் அதிகம் வரும் தண்ணீராக இருந்தால் சம்ப்பை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கழுவச் சொல்வார். கேட்கிறவர் தலையை ஆட்டுவார், செய்யமாட்டார். அதற்கும் தேதிக்காரர் கோபப்பட மாட்டார். தேதி பேசிக்கொள்ளும் என்று விட்டுவிடுவார்.

வேலையில் மனுஷர் பொல்லாத கறார். முதல் நாளே போன் செய்து, தொட்டியில் இருக்கும் தண்ணீரைச் செலவழித்து வையுங்கள், உள்ளே வரும் குழாயை அடைத்துவிடுங்கள் என்று சொல்லிவிடுவார். வந்ததும் முதலில் மோட்டாரின் மெயின் சுவிட்சை அணைத்து, அதன் மேல் ஒரு துணியைக் கட்டுவார், யாரும் மறந்துபோய் போட்டுவிடக் கூடாதென்று. பிறகு சம்ப் மூடியைத் திறந்து ஒரு மணி நேரம் காற்றாட விட்டு, வாய்க்கு மேலே ஃபேன் வைப்பார். மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் இல்லாமல் உள்ளே இறங்கவே மாட்டார். அந்த ஆள் அவருடைய மச்சினன். குண்டு உடம்பு, குறைந்த பேச்சு. தெருவில் அவனுக்குப் பெயரே கயிறு.

"எப்பவும் சம்ப் முதல்ல, மேல்தொட்டி அப்புறம்" என்பார் தேதிக்காரர். "மேலே ஏறுற தண்ணி கீழேருந்துதானே போகுது? கீழே சேறு வச்சுக்கிட்டு மேலே பளபளன்னு தேச்சு யாருக்குக் காட்ட?" சேறு இழுக்கும் சின்ன பம்ப்பை இறக்கித் தண்ணீரை வெளியேற்றுவார். அடியில் தேங்கும் வண்டலை முறத்தால் வழித்து வாளியில் நிரப்ப, கயிறு மேலே இழுத்துக் கொட்டுவான். மேல்கூரையிலிருந்து கீழ்நோக்கி நைலான் பிரஷ்ஷால் தேய்ப்பார், மூலைகளை விடமாட்டார். சோப்பு ஆகாது, ஆசிட் ஆகவே ஆகாது. கழுவி, அந்த அழுக்குத் தண்ணீரையும் இறைத்துவிட்டு, துணியால் ஒற்றி எடுப்பார். அதன்பிறகு பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளியவைத்து, தெளிந்த தண்ணீரை மட்டும் சுவரெல்லாம் அடித்து, வெளியே வந்து அரை மணி நேரம் விடுவார். அந்த அரை மணியில்தான் டீ. பிறகு இரண்டு தடவை அலசி, அதையும் இறைத்து, நல்ல தண்ணீர் விட்டு, இதே வேலையை மேலேயும் செய்து, வீட்டுக் குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து மருந்து வாசம் போகும்வரை ஓடவிட்டு, கடைசியில் தேதி.

இப்படிப்பட்ட மனுஷர்தான் ஒரு நாள் பொய்த் தேதி எழுதினார்.

டீச்சர் வீடு அது. டீச்சர், அவர் வீட்டுக்காரர், மூன்றாம் வகுப்பு படிக்கிற ஒரே பெண். பெரிய ராட்சசி, வாய் ஓயாது. கரண்டி என்று செல்லப் பெயர், எதையும் கிளறாமல் விடமாட்டாளாம். அந்த வீட்டில் சமையல் வேலை பார்த்தது தேதிக்காரரின் சொந்த அக்கா. ஒன்பது வருஷமாகப் பார்த்தாள். தொட்டி வேலையைத் தம்பிக்கு வாங்கிக் கொடுத்ததே அவள்தான். "என் தம்பி கழுவினா கண்ணை மூடிக்கிட்டு குடிக்கலாம் டீச்சர்" என்று சொன்னாளாம். சொன்னபோது பெருமையில் கழுத்து ஒரு முழம் நீண்டிருக்கும்.

அன்றைக்கு வீட்டில் எல்லோரும் வெளியே போயிருந்தார்கள். அக்கா மட்டும் அடுக்களையில். தேதிக்காரர் வந்து பார்த்தால் விடியற்காலையிலேயே தெருக்குழாயில் தண்ணீர் விட்டுவிட்டார்கள், குழாயை அடைக்க மறந்து சம்ப் கழுத்துவரை நிரம்பி நிற்கிறது. கயிறுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கி, முகம் வீங்கி, வீட்டில் படுத்துக் கிடக்கிறான். ஆளில்லாமல் சம்ப்பில் இறங்கமுடியாது. அது சரியான யோசனைதான். அதோடு நின்று, "நாளைக்கு வரேன்" என்று திரும்பிப் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

திரும்பிப் போகவில்லை. வந்ததுதான் வந்தோம், மேல்தொட்டியையாவது முடிப்போம் என்று மாடி ஏறினார். அடிக்குழாயைத் திறந்து வடியவிட்டு, தேய்த்து, மருந்தடித்து, அலசி, ஒரு குறையும் இல்லாமல் கழுவினார். பிறகு அந்தக் கழுவின தொட்டிக்குக் கழுவாத சம்ப்பிலிருந்தே தண்ணீர் ஏற்றினார். ஊரெல்லாம் எதைச் செய்யாதே என்றாரோ அதையே செய்தார். மேல்மூடியில் தேதி எழுதினார். கையில் தூரிகை ஈரமாக இருந்தது. கீழே வந்தார். சம்ப் மூடியில் ஆறு மாதத்துக்கு முந்தைய தேதி வெளுத்துப் போயிருந்தது. எப்படியும் அடுத்த வாரம் வந்து இதைச் செய்யத்தானே போகிறோம், தேதி ஒன்றாக இருந்தால் கணக்கு வைக்கச் சுலபம் என்று அதன் கீழேயும் அதே தேதியை எழுதிவிட்டார். எழுதும்போது கை நடுங்கவெல்லாம் இல்லை. அதுதான் பிற்பாடு அவரை அறுத்தது. எழுத்து எப்போதையும்விட அழகாக விழுந்திருந்தது.

"முடிஞ்சுதாடா?" என்று அக்கா அடுக்களை வாசலில் நின்று கேட்டாள்.

"முடிஞ்சுதுக்கா."

அக்கா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு டீ கொடுத்தாள். சாயங்காலம் டீச்சர் இரண்டு வேலைக்கும் சேர்த்துக் கூலி கொடுத்தார், அவரும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் வேறொரு வீட்டில் அவசரம். அதற்கடுத்த வாரம் அவருக்கே காய்ச்சல். பிறகு மறந்தே போனது. பாவத்தைச் செய்தவனுக்குத் தூக்கம் வராது என்று சும்மா சொல்கிறார்கள், அவர் நன்றாகத் தூங்கினார்.

இரண்டரை மாதம் கழித்து, ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு அக்கா அவர் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அந்த நேரத்தில் அவள் டீச்சர் வீட்டு அடுப்பு முன்னால் இருக்கவேண்டியவள். கையில் ஒரு துணிப்பை, அதில் அவள் அந்த வீட்டில் வைத்திருந்த மாற்றுப் புடவையும் செருப்பும்.

"என்னக்கா இந்நேரத்துல?"

"நின்னுட்டேன்டா" என்றாள். பிறகு, "நிறுத்திட்டாங்க" என்று திருத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கரண்டிக்கு மஞ்சள் காமாலை. கண்ணெல்லாம் மஞ்சள், வாயில் எதை வைத்தாலும் வாந்தி. ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆறு நாள் ஆகிறது. "தண்ணி வழியா வந்திருக்கும், இல்லாட்டி சாப்பாடு வழியா" என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். டீச்சர் வீட்டுக்கு வந்து நேரே சம்ப் மூடியைத் திறந்து பார்த்திருக்கிறார்.

"தேதி இருந்துச்சு" என்றாள் அக்கா. "ரெண்டரை மாசம்தான் ஆச்சு, தண்ணி சுத்தமாத்தான் இருக்கும்னு சொன்னாங்க. அப்போ மிச்சம் என்ன? என் கைதானே. கைய கழுவுங்கன்னாங்க. கழுவினேன். சோப்பு போட்டுக் கழுவுங்கன்னாங்க. கழுவினேன். இன்னொரு தடவைன்னாங்க. பக்கத்துலயே நின்னு பாத்தாங்க. அப்புறம் அவங்களே, வேணாம்க்கா, கொஞ்ச நாளைக்கு நீங்க வரவேணாம்னுட்டாங்க."

தேதிக்காரருக்கு சொல்லு, சொல்லு என்று உள்ளே ஒரு குரல். வாய் திறந்தது. "பாப்பா இப்போ எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டது.

"இன்னிக்கு ரெண்டு வாய் கஞ்சி இறங்குச்சாம்." அக்கா தன் கைகளை மடியில் மல்லாத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வருஷம் ஒரு வீட்டுக்கே சமைத்த கை, சோப்பில் ஊறி விரல்நுனி வெளிறிக் கிடந்தது. தேதிக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த மூன்று நாளும் அவர் பட்ட பாடு சொல்லி மாளாது. சோறு இறங்கவில்லை. ஒரு வீட்டில் மேல்தொட்டி கழுவி, தேதி எழுதத் தூரிகையை எடுத்தார், எழுத வரவில்லை. "என்ன தேதிக்காரரே, தேதியே மறந்துபோச்சா?" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்ய, இவர் சிரிக்க முயன்று இருமினார். குழந்தையைப் படுக்க வைத்துவிட்டோம், அக்கா பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோம், அதுவும் அவள் வாங்கிக் கொடுத்த வேலையிலேயே. சொன்னால் என்ன ஆகும்? ஏழெட்டுத் தெருவுக்கும் சேதி போகும். பொய்த் தேதிக்காரன் என்பார்கள். அப்புறம் எவன் மூடியைத் திறக்க விடுவான்? தெரிந்த தொழில் இது ஒன்றுதான். சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் அந்த சம்ப் அப்படியே இருக்கும், அந்த வீட்டில் இன்னும் இரண்டு பேர் அந்தத் தண்ணீரில்தான் பல் தேய்க்கிறார்கள்.

கடைசியில் மனுஷ புத்தி ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தது. சொல்லாமலே கழுவிவிட்டால்?

டீச்சருக்கு போன் போட்டார். "டீச்சர், பாப்பாவுக்கு உடம்பு முடியலைன்னு கேள்விப்பட்டேன். நோய் வந்த வீடு, ஒரு தடவை ரெண்டு தொட்டியும் நல்லா கழுவி மருந்தடிச்சிடலாம். காசெல்லாம் வேணாம். அதுவரைக்கும் குழாய்த் தண்ணில வாய்கூடக் கொப்பளிக்க வேணாம்."

"உங்க நல்ல மனசு யாருக்கு வரும் அண்ணே" என்றார் டீச்சர். போனை வைத்த பிறகும் அந்த வார்த்தை காதில் குடைந்துகொண்டே இருந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் கயிறோடு போய் நின்றார். டீச்சர் ஆஸ்பத்திரியில் வீட்டுக்காரரை உட்கார வைத்துவிட்டு வந்திருந்தார். கண்ணுக்குக் கீழே கருப்பு, தலை வாராமல் முடிந்திருந்தது. அடுக்களை ஜன்னல் சாத்தியிருந்தது. சுவிட்சில் துணி கட்டி, மூடி திறந்து, ஃபேன் வைத்து, பம்ப்பை இறக்கினார்கள். குழாய் வழியாகத் தண்ணீர் அடுக்களை வாசலை ஒட்டிய சந்தில் ஓடி வெளியே போனது. முக்கால்வாசி வற்றியதும் பம்ப் சத்தம் மாறியது. சேறு.

இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினார். வண்டல் நாலு விரல் கனத்துக்குக் கிடந்தது, கணுக்கால் புதைந்தது. வாடை வேறு மாதிரி இருந்தது. வண்டல் வாடை அவருக்கு அத்துப்படி, இது அது இல்லை. கைவிளக்கைச் சுற்றிலும் அடித்தார். மதில் பக்கத்துச் சுவரில், முட்டி உயரத்தில், ஒரு விரிசல். அதிலிருந்து மெல்லிசாக வேர்கள் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தன. விரிசலின் கீழே கறுப்பாக ஒரு கோடு தரைவரை வழிந்திருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சொட்டு திரண்டு இறங்கியது. மதிலுக்கு அந்தப் பக்கம் தெருச் சாக்கடை ஓடுகிறது.

தேதிக்காரர் அந்தச் சேற்றிலேயே நின்றார். எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியாது. கயிறு மேலேயிருந்து, "மாமா! பேசிக்கிட்டே இரு மாமா!" என்று கத்தி, கயிற்றை ஒரு இழு இழுத்தான்.

மேலே வந்து டீச்சரிடம் கைவிளக்கைக் கொடுத்து, குனிந்து பார்க்கச் சொன்னார். "சம்ப் நிறைஞ்சிருக்கும்போது இங்கேருந்து வெளியே கசியும் டீச்சர். தண்ணி குறைஞ்சா சாக்கடை உள்ளே வந்துடும்."

டீச்சர் பார்த்தார். நிமிர்ந்து சுவரைப் பிடித்துக்கொண்டார். "இதுவா? என் பொண்ணைப் படுக்க வச்சது இதுவா?" என்றவர், மறுவினாடி தேதிக்காரரைப் பார்த்து அவரே சமாதானமும் சொன்னார். "நீங்க போன தடவை இறங்கினப்போ இது இருந்திருக்காது. இருந்தா உங்க கண்ணுக்குத் தப்புமா? அதுக்கப்புறம்தான் விட்டிருக்கும். உங்க மேல தப்பே இல்லண்ணே."

அடேயப்பா, எவ்வளவு அகலமான கதவு! அதன் வழியாக ஒரு லாரியே போகலாம். ஆமாம் டீச்சர் என்று இரண்டு வார்த்தை போதும். அக்காவும் தப்பினாள், இவரும் தப்பினார், தேதியும் தப்பியது. கயிறு குனிந்து கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான். பல் பிடுங்கிய நாள் அவனுக்கு மறக்குமா? அவன் ஏறிட்டே பார்க்கவில்லை.

அப்போதுதான் தேதிக்காரர் சாய்த்து வைத்திருந்த மூடியைப் பார்த்தார். சிவப்பு எழுத்து. முத்து முத்தாக.

"நான் அன்னிக்கு இறங்கவே இல்ல டீச்சர்" என்றார்.

டீச்சருக்குப் புரியவில்லை. "என்னிக்கு?"

"இந்தத் தேதிக்கு. சம்ப் நிறைஞ்சிருந்துச்சு, இவனும் வரல. மேல்தொட்டி மட்டும்தான் கழுவினேன். வந்து செஞ்சுக்கலாம்னு தேதியை மட்டும் எழுதிட்டேன். அப்புறம் வரவே இல்ல. கூலியும் முழுசா வாங்கிட்டேன்." நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று தெரிந்து பேசிக்கொண்டே போனார். "அன்னிக்கு விரிசல் இருந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாது. இறங்கியிருந்தா தெரிஞ்சிருக்கும். அக்கா கைய எதுவும் சொல்லாதீங்க. அந்தக் கை சுத்தம். இதுதான் அழுக்கு" என்று தன் கையைக் காட்டினார். அதில் நிஜமாகவே சேறு இருந்தது.

திட்டுவார், அடிப்பார், போலீசைக் கூப்பிடுவார் என்று எதிர்பார்த்தார். டீச்சர் அடுக்களைப் படியில் போய் உட்கார்ந்தார்.

"மூணு தடவை கழுவச் சொன்னேன்" என்றார். "என் பொண்ணு பொறந்ததுலேருந்து சோறு ஊட்டின கைய, நின்னு பாத்துக்கிட்டு, மூணு தடவை கழுவச் சொன்னேன்." பிறகுதான் அழுதார். அழுகைக்கு நடுவில் தலையைத் தூக்கி, "இனிமே இந்த வீட்டுப் பக்கம் வராதீங்க" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத முடிச்சுட்டுப் போங்க" என்றும் சொன்னார்.

முடித்தார். சேற்றை வழித்துத் தேய்த்துக் காட்டியது அன்றைக்கு. மதிலோரச் சாக்கடைக் கசிவை அடைக்கவும், விரிசலை வெட்டித் தண்ணீர் புகாத சிமென்ட் வைத்து அடைக்கவும் கொத்தனாரைக் கூட்டி வந்தது மறுநாள். பூச்சு இறுகும்வரை பக்கத்து வீட்டுத் தண்ணீரை டிரம்மில் பிடித்துச் சுமந்து கொடுத்தது ஒரு வாரம். பிறகு முறைப்படி சம்ப்பை முதலில், மேல்தொட்டியை அடுத்ததாகக் கழுவி, மருந்தடித்து, அலசி, எல்லாக் குழாயையும் ஓடவிட்டார். டீச்சர் வீட்டுக்காரர் ஒவ்வொரு கட்டத்திலும் வந்து குனிந்து பார்த்தார். தேதிக்காரர் பழைய தேதியைச் சுரண்டி எடுத்தார். புதுத் தேதி எழுதவில்லை. எழுதச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

ஆனால் அதெல்லாம் பிறகு. டீச்சரிடம் சொன்ன அன்றைக்கு மத்தியானம், சேறு காய்ந்த கால்சட்டையோடு நேராக அக்கா வீட்டுக்குத்தான் போனார். வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிப் பார்த்தார். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இவர் நின்றபடியே, "அக்கா, அந்த சம்ப்பு..." என்று தொடங்கினார்.

"கழுவல. தெரியும்" என்றாள் அக்கா.

அவர் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

"நீ சம்ப் இறைச்சா தண்ணி என் அடுக்களை வாசல் சந்துலதானே ஓடும். அன்னிக்குச் சந்து காஞ்சு கிடந்துச்சு. உன் கால்சட்டையும் முட்டி வரைக்கும் காஞ்சுதான் இருந்துச்சு. முடிஞ்சுதான்னு கேட்டேன். முடிஞ்சுதுன்ன."

"அப்புறம் ஏன்க்கா டீச்சர்கிட்ட சொல்லல? உன்னையில்ல துரத்துனாங்க!"

"சொன்னா உனக்கு இந்த ஊர்ல எவன் வேலை குடுப்பான்? உனக்கு ரெண்டு புள்ளைங்க." கத்தியைக் கீழே வைத்தாள். "நீயா சொல்லுவேன்னு பாத்தேன். அன்னிக்கு பையைத் தூக்கிக்கிட்டு உன் வீட்டுக்கு ஏன் வந்தேன்? ஆறுதலுக்கா? சொல்லுவே சொல்லுவேன்னு உக்காந்திருந்தேன். நீ பாப்பா எப்படி இருக்குன்னு கேட்ட."

அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அக்கா அவரைத் தேற்றவில்லை.

"நான் மட்டும் என்ன யோக்கியம்?" என்றாள் தன்பாட்டுக்கு. "தெரிஞ்சுதானே அந்தத் தண்ணில பாத்திரம் கழுவினேன். குடிக்கிறது ஃபில்டர் தண்ணி, சமையல் கொதிச்சுடுது, தம்பி எப்படியும் அடுத்த வாரம் வந்துடுவான்னு விட்டுட்டேன். பாப்பா பல்லு தேய்ச்சு, அந்தத் தண்ணியிலயே கொப்பளிச்சு விளையாடுமேன்னு எனக்குத் தோணல. தோணியிருக்கணும்."

"இப்ப டீச்சர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்க்கா."

"சொல்லிட்டியா." அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். "சரி."

"உன்னைக் கூப்பிட வருவாங்க."

"வருவாங்க. நானும் பாப்பாவைப் போய்ப் பாப்பேன். ஆனா அந்த அடுப்பு முன்னாடி மறுபடி போய் நிக்க மாட்டேன்டா. நின்னா ஒவ்வொரு தடவை கை கழுவும்போதும் பக்கத்துல யாரோ நின்னு பாக்கிற மாதிரியே இருக்கும்."

டீச்சர் சாயங்காலமே வந்தார், கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், மன்னிப்பும் கேட்டார். அக்கா மன்னித்தாள். ஆனால் சொன்னபடியே போகவில்லை. கரண்டி தேறி வீட்டுக்கு வந்தபோது போய்ப் பார்த்துவிட்டு, ஒரு வாய் ஊட்டிவிட்டு வந்தாள். அந்தப் பிள்ளை, "அத்தை, நாளைக்கும் வருவீங்கல்ல?" என்று கேட்டதாம். அதை அக்கா தம்பியிடம் சொல்லவே இல்லை, வேறு யாரோ சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. ஊரில் சேதி பரவியது, பாதி வீடுகள் கைவிட்டுப் போயின. மிச்ச வீடுகளில் வீட்டுக்காரர்கள் கூடவே நின்று பார்க்கிறார்கள். அவரே நிற்கச் சொல்கிறார். நின்று பார்த்தவரிடம் தூரிகையைக் கொடுத்து, "நீங்களே எழுதுங்க" என்கிறார். பெயர் மட்டும் மாறவில்லை. யாராவது தேதிக்காரரே என்று கூப்பிட்டால் இப்போது அவர் கொஞ்சம் தாமதமாகத்தான் திரும்புகிறார்.

அக்காவிடம் சொன்ன அன்றைக்கு மத்தியானம், அங்கிருந்து கிளம்புவதற்கு முன்னால், அவருக்கு நாக்கு வறண்டு போயிருந்தது. "கொஞ்சம் தண்ணி குடுக்கா" என்றார்.

அக்கா உள்ளே போய் டம்ளரில் கொண்டுவந்து நீட்டினாள். அவள் குடியிருக்கும் வீட்டு மாடித் தொட்டியும் அவர் கழுவுகிறதுதான். மூடியில் தேதி இருக்கிறது, போன மாதத்துத் தேதி. அதை உண்மையாகவே கழுவியிருந்தார்.

டம்ளரை வாங்கியவர் குடிக்காமல் அதையே பார்த்தார்.

"குடி" என்றாள் அக்கா. "நல்ல தண்ணிதான். நேத்து நானே ஏணி போட்டு ஏறி, தொட்டிக்குள்ள எட்டிப் பாத்துட்டேன்."

அறுபதை நெருங்குகிற அக்கா, முட்டி வலிக்காரி, தம்பி எழுதின தேதியை நம்பாமல் ஏணி ஏறியிருக்கிறாள். தேதிக்காரர் அந்தத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.